ஆண்டு மலரில் கேரிகேச்சர் பக்கம்: தலைகள் ஒரே அளவில் வர என்ன வழி?

*கேள்வி: எங்கள் வகுப்பின் ஆண்டு மலரில் போட்டோவுக்குப் பதிலாக 30 மாணவர்களையும் வகுப்பாசிரியரையும் கேரிகேச்சராக வரைந்து, எதிரெதிர் ஏ4 பக்கங்கள் இரண்டில் போடப் போகிறோம். மூன்று பேர் வரைகிறோம். மாதிரிக்கு வரைந்த ஆறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தலை பெரிது, ஒரு தலை சின்னது. யார் வரைந்தது என்பதும் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு மாணவி தன் படத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டாள். எப்படிச் சரிசெய்வது?*

தலை பெரிதும் சிறிதுமாக வந்ததற்கு உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் போட்டோதான் காரணம். ஒருவர் செல்பி கொடுத்திருப்பார், இன்னொருவர் குழுப் படத்திலிருந்து வெட்டிக் கொடுத்திருப்பார். கை நீளத்தில் எடுத்த செல்பியில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துவிடும். அதைப் பார்த்து வரைந்தால் நீங்கள் மிகைப்படுத்துவது கிட்டே வைத்து எடுத்ததால் வந்த கோளாறையே தவிர அந்த மாணவரின் முகத்தை அல்ல. எனவே 31 பேரையும் ஒரே நாளில், ஒரே சுவரின் முன், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் புதிதாகப் படம் எடுங்கள். கேமரா 2 மீட்டர் தள்ளி, அவரவர் கண் உயரத்தில் இருக்கட்டும். போனில் எடுப்பதானால் கிட்டே போகாமல் 2 மடங்கு ஜூம் வையுங்கள். முகம் நேராக, வழக்கமான சிரிப்போடு இருந்தால் போதும்.

அடுத்தது கட்டம். 210 × 297 மி.மீ. பக்கத்தில் மேலே தலைப்புக்கு 30, கீழே 15, வெளி ஓரம் 12, தைக்கும் ஓரம் 18 மி.மீ. விடுங்கள். மிஞ்சுகிற 180 × 252 பரப்பில், 4 மி.மீ. இடைவெளியோடு, 42 × 60 அளவில் 16 கட்டங்கள் கச்சிதமாக அடங்கும். ஒவ்வொன்றிலும் மேல் 50 மி.மீ. படத்துக்கு, கீழ் 10 பெயருக்கு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 32 கட்டம். உங்களிடம் 31 முகங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் வகுப்பின் பெயரைப் போட்டுவிட்டால், கடைசிக் கட்டம் ஆள் வராததுபோல் காலியாகக் கிடக்காது. ஆசிரியருக்கும் அதே அளவுக் கட்டம்தான்.

இந்தக் கட்டத்துக்குள் நேரடியாக வரையாதீர்கள். இரண்டு மடங்காக, 84 × 100 மி.மீ. சட்டத்தில் வரைந்து, எல்லாவற்றையும் பாதியாகச் சுருக்குங்கள். இனிச் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தப் பெரிய சட்டத்துக்கானவை.

சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து 44 மி.மீ. கீழே ஒரு கோடு போடுங்கள். அது கண் கோடு. 31 பேரின் கருவிழிகளும் அதன்மேல்தான் உட்கார வேண்டும். இப்போது ஒவ்வொரு போட்டோவையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, கருவிழி நடுவிலிருந்து கருவிழி நடுவுக்குச் சரியாக 15 மி.மீ. வருமாறு அச்செடுங்கள். தலையின் உயரத்தை வைத்து அளவு கூட்டிக் குறைப்பதுதான் பொதுவாக எல்லோரும் செய்கிற தவறு. சுருள் முடி அடர்ந்தவரின் தலையையும் ஒட்ட வெட்டியவரின் தலையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால், முடி உள்ளவரின் முகம் பாவம், சுருங்கிப் போகும். கண்களுக்கிடையே உள்ள தூரத்தில் முடி, கொண்டை, தலையில் போர்த்திய துணி எதுவும் தலையிடாது. முடி தன் இஷ்டத்துக்கு மேலே எழும்பட்டும், அதற்காகத்தான் உச்சந்தலைக்கு மேல் 14 மி.மீ. போல இடம் விட்டிருக்கிறோம்.

இந்த முறை ஒரே ஓர் இடத்தில் காலை வாரும். போட்டோவில் முகம் லேசாகத் திரும்பியிருந்தால் கருவிழிகளின் தூரம் குறைந்து தெரியும். அதை இழுத்து 15-க்குக் கொண்டுவரும்போது முகமே ஊதிவிடும். ஒரு காது முழுதாகத் தெரிந்து மற்றது பாதி மறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் படத்தை மறுபடி எடுப்பதே நல்லது.

இனி மிகைப்படுத்தல். 'பெரிய மூக்கு', 'நீள முகம்' என்று கண்ணுக்குப் பட்டதை வரையாமல், எதோடு ஒப்பிட்டுப் பெரியது என்று முதலில் கேளுங்கள். 1980-களில் சூசன் பிரென்னன் கணினியில் கேலிச்சித்திரம் வரையும் நிரலை உருவாக்கியபோது எடுத்துக்கொண்ட கருத்து எளிமையானது: சராசரி முகத்திலிருந்து இந்த முகம் எங்கே, எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை மட்டும் கூட்டுவது. அதை ஸ்கேலும் பென்சிலும் கொண்டு நீங்களும் செய்யலாம்.

அச்செடுத்த 30 மாணவர் படங்களிலும் நான்கு அளவுகள் எடுங்கள்: கண் கோட்டிலிருந்து தாடை நுனி, கண் கோட்டிலிருந்து மூக்கின் அடி, கன்ன எலும்பு மட்டத்தில் முகத்தின் அகலம், சிரிக்கும் வாயின் அகலம். ஒவ்வொன்றுக்கும் வகுப்பின் சராசரியைப் போடுங்கள். உதாரணத்துக்குச் சராசரி முறையே 28, 11.5, 33, 13 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு 30, 12, 33, 15 வருகிறது. மூக்கும் அகலமும் ஏறக்குறைய எல்லோரையும் போலத்தான், அவற்றைத் தொட வேண்டாம். தாடை 2 கூடுதல், சிரிப்பும் 2 கூடுதல். விலகலை இரண்டு மடங்காக்கினால் தாடை 32, சிரிப்பு 17. முகத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் சிரிப்பாக இருக்கும், தாடை கண் கோட்டுக்குக் கீழே நீளும். அச்சில் அவன் தாடை மற்றவர்களைவிட 2 மி.மீ. இறங்கியிருக்கும், ஆனால் கண்கள் வரிசையில் நிற்பதால் தலை பெரிதாகிவிட்டதாகத் தோன்றாது. நீள முகம், வாய் நிறையச் சிரிப்பு என்று மட்டுமே படும். யார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு முகத்துக்கு இரண்டு விலகல், இரண்டு மடங்கு, அதற்கு மேல் வேண்டாம். 31 பேருக்கும் இதே கணக்குதான் என்பது முக்கியம். நெருங்கிய நண்பனுக்கு நான்கு மடங்கு, அதிகம் பழகாதவருக்கு ஒன்றுமே இல்லை என்றால், முன்னவர் கேலிக்குள்ளானதாகவும் பின்னவர் ஒதுக்கப்பட்டதாகவும் நினைப்பார்கள். இரண்டாவது வலிதான் அதிகம் என்பேன். எந்த அளவும் சராசரியிலிருந்து 1 மி.மீ.கூட விலகாத முகங்கள் நாலைந்தாவது இருக்கும். அவர்களுக்கு அளவை விட்டுவிட்டுப் பாவனையைப் பிடியுங்கள்: உயரும் ஒற்றைப் புருவம், கேள்வி கேட்கும்போது சாயும் தலை. தலையைச் சாய்ப்பதானால் இரு கண்களுக்கும் நடுப்புள்ளியை அச்சாக வைத்து 8 டிகிரிக்குள் திருப்புங்கள், வரிசை கலையாது.

எதைக் கூட்டக் கூடாது என்பதை அளவெடுக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். உடல் பருமன், தோலின் நிறம், பரு, தழும்பு, மாறுகண், பல் கம்பி, பெண்களின் மீசை ரோமம் இதெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போட்டவரின் கண் லென்ஸுக்குள் சிறுத்துத் தெரியும், அதைக் கூட்டத்தான் கை துறுதுறுக்கும். கண்ணை இயல்பான அளவில் வைத்து பிரேமைப் பெரிதாக்குங்கள். பிரேம் அவர் விரும்பி வாங்கியது, பார்வைக் குறைபாடு அப்படியல்ல. அதே சமயம், கூட்டக் கூடாது என்றால் அழித்துவிடுவது என்று அர்த்தமில்லை. தழும்பை மறைத்தால் அது அசிங்கம் என்று நீங்களே சொன்னதுபோல் ஆகிவிடும். உள்ளபடி வரைந்தால் போதும்.

ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து 'கட்டாயம் இருக்க வேண்டியது', 'பெரிதாக்கக் கூடாதது' என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பென்சில் படத்தைத் தனியாக, அவரிடம் மட்டும் காட்டி, மை போடும் முன் சம்மதம் கேளுங்கள். நண்பர்கள் சூழ நிற்கையில் கேட்டால் யாரும் 'பிடிக்கவில்லை' என்று சொல்ல மாட்டார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முகம் வாடிய மாணவியிடமும் இதே சீட்டோடு போய், அவர் விலக்கச் சொல்வதை விலக்கி, புதிதாக வரையுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று துருவ வேண்டாம்.

மூன்று கைகளும் தெரிவதற்குத் தீர்வு, ஆட்களைப் பங்கு போடாமல் வேலையைப் பங்கு போடுவது. ஒருவர் 31 முகங்களுக்கும் பென்சில், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் மை, மூன்றாமவர் வண்ணமும் பெயரும். மை போடுபவரின் கோடுதான் பக்கத்தின் கையெழுத்து, அதனால் மூவரில் கை நிதானமானவரை அங்கே உட்காரவையுங்கள். பேனா மூன்றே: முக விளிம்புக்கு 0.8, கண் மூக்கு வாய்க்கு 0.5, முடி இழைக்கு 0.3 மி.மீ. பாதியாகச் சுருங்கும்போது மெல்லியது 0.15 ஆகும், கறுப்பில் அது அச்சில் நிற்கும். நாலு நிறம் கலந்த பழுப்புக் கோடாக இருந்தால் அச்சுத் தகடுகள் சற்று விலகினாலும் இரட்டைக் கோடு தெரியும், அதனால் கோடு தனிக் கறுப்பிலேயே இருக்கட்டும்.

31 படங்களையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் சரியாக 50 சதவீதம் சுருக்குங்கள். ஒரு தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறதே என்று அதை 42 சதவீதத்துக்கு இறக்கினால் அதன் கோடும் மெலிந்து, வேறு யாரோ வரைந்த படம் போல ஆகிவிடும். அளவு தப்பியிருந்தால் மறுபடி வரைவதே வழி. இடம் பார்த்துப் படத்தை இடவலமாகத் திருப்பவும் கூடாது, வகிடும் மச்சமும் பக்கம் மாறிவிடும்.

பெயர் வரிசைப்படி வரையாதீர்கள். முப்பதாவது முகம் வரும்போது கை முதல் முகத்தில் இருந்ததுபோல் இருக்காது. வரிசையாக வரைந்தால் இடப் பக்கம் ஒரு பாணி, வலப் பக்கம் ஒரு பாணி என்று பிரிந்து தெரியும். சீட்டுக் குலுக்கி எடுத்த வரிசையில் வரைந்தால் அந்த மாற்றம் இரண்டு பக்கத்திலும் சிதறிப் போய்க் கண்ணில் படாது. கடைசியில் நேரம் இருந்தால் முதலில் வரைந்த நாலு முகங்களை மட்டும் இன்னொரு முறை வரைந்துவிடுங்கள்.

பக்கங்களை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் உண்மையான அளவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, தலைகீழாகச் சுவரில் ஒட்டி, மூன்று நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். தலைகீழாக இருந்தால் ஆள் அடையாளம் பின்னுக்குப் போய், கறுப்புத் திட்டுகளும் கோட்டின் கனமும் மட்டும் தெரியும். எந்தக் கட்டம் முதலில் கண்ணை இழுக்கிறதோ அதில் அநேகமாக முடியை அப்பிக் கறுப்பாக்கியிருப்பீர்கள். மற்றவற்றில் உள்ளதுபோல் இரண்டு மூன்று வெள்ளை மினுக்குக் கோடு விட்டால் அது வரிசைக்குள் அடங்கிவிடும்.