உப்புவெளி–நிலாவெளி நடைக்கு ஈமெயிலில் இடக்குறிப்பு அனுப்புவது எப்படி?

கேள்வி: ஞாயிறு காலை 14 பேர் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரமாக நடக்கப் போகிறோம். சந்திக்கும் இடம், வாகனம் விடும் இடம், வழிப்புள்ளிகள் எல்லாவற்றையும் ஈமெயிலில் அனுப்ப வேண்டும். போன முறை நாலு பேர் வேறெங்கோ போய் நின்றார்கள். எப்படி எழுதினால் குழப்பம் வராது?

பதில்:

அந்த நாலு பேர் வழி தவறியதற்கு அநேகமாக எண் எழுதிய விதம்தான் காரணம். திருகோணமலைக் கோணேசர் கோயிலை வைத்துப் பார்ப்போம். அதன் இடம் பாகை, கலை, விகலையில் 8° 34' 57" வடக்கு, 81° 14' 44" கிழக்கு. அதையே தசமத்தில் எழுதினால் 8.5825, 81.2456. இரண்டும் ஒன்றேதான். ஆனால் ஒருவர் 34, 57 என்ற எண்களை அப்படியே புள்ளிக்குப் பின்னால் போட்டு 8.3457, 81.1444 என்று எழுதிவிட்டால், குறி கோயிலிலிருந்து 26 கி.மீ. தெற்கேயும் 11 கி.மீ. மேற்கேயும் போய் விழும். அதுவும் தரைதான் என்பதால் வரைபடத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. மறுபக்கம், 8.5825 என்பதை 8° 58.25' என்று வாசித்தால் குறி புல்மோட்டை அளவுக்கு வடக்கே ஆழ்கடலில் நிற்கும். இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

ஆகவே தசம வடிவம் ஒன்றை மட்டும் எழுதுங்கள். கலைக்கும் விகலைக்கும் இடுகிற மேற்கோள் குறிகள் ஈமெயிலில் வெட்டி ஒட்டும்போது வளைந்த குறிகளாக மாறிவிடலாம். அதைச் சில செயலிகள் ஏற்காது. அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு. இலங்கையில் இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு: முதல் எண் 5-க்கும் 10-க்கும் இடையிலும், இரண்டாவது எண் 79-க்கும் 82-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். மாறிப்போனால் குறி வட துருவக் கடலில் போய் நிற்கும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். நான்காவது இலக்கத்தில் ஒன்று கூடினால் 11 மீட்டர், ஐந்தாவதில் ஒரு மீட்டர். போனில் வருகிற பத்து இலக்கத்தையும் ஒட்டுவதில் பயனில்லை.

அடுத்தது, சந்திக்கும் இடமும் வாகனம் விடும் இடமும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்து எழுதுவது. கடற்கரை மணலில் குறி வைத்தால், வழிகாட்டும் செயலி அதற்கு மிக அருகில் உள்ள ஏதோ ஒரு தெருவுக்குத்தான் காரைக் கொண்டுபோகும். அது பெரும்பாலும் ஹோட்டல் மதிலோடு முடிகிற ஒழுங்கையாக இருக்கும். அதனால் வாகனத்துக்கான குறியை நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற இடத்தில் வையுங்கள். எத்தனை கார், எத்தனை மோட்டார் சைக்கிள் நிற்கலாம், யாரிடம் அனுமதி கேட்டாயிற்று என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். கார்கள் தொடக்கத்திலேயே நிற்கட்டும். முடிந்ததும் நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் திரும்பலாம். முடிவில் கார் விடலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் சந்திக்கும் இடம் இரண்டாகிவிடும், பழைய கதைதான்.

வழிப்புள்ளிகளில் இந்தப் பாதைக்கு உயிரானது சல்லிக் கிராமத்துக்குப் பக்கத்தில் வரும் களப்பின் முகத்துவாரம். மற்ற இடங்களில் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், தொலைய வழியில்லை. முகத்துவாரம் அப்படியல்ல. மாரி மழையில் மணல் உடைந்து வெள்ளம் ஓடும், வெயில் காலத்தில் மணல் ஏறும். வாயும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. எனவே கடக்கிற இடத்தையே வழிப்புள்ளியாகக் கொடுக்காதீர்கள். போன வருஷத்துக் குறி இந்த வருஷம் ஆழத்துக்குள் இருக்கலாம். அதற்கு முன்னால், வீதிக்கு ஏறுகிற ஒழுங்கை வாயிலில் ஒரு முடிவெடுக்கும் புள்ளி வையுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் காலை இழுத்தாலோ, எல்லோரும் வீதிக்கு ஏறிப் பாலத்தால் சுற்றி வர வேண்டும். இதை அங்கே போய் வாக்குவாதம் பண்ணாமல் ஈமெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

கீழே உள்ள மாதிரியில் எண்களை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். யாராவது ஒருவர் முதல் நாள் போய் நின்று, ஒரு நிமிஷம் பொறுத்து, போனில் துல்லிய அளவு 5 மீட்டருக்குக் குறைந்த பிறகு பதிய வேண்டும்.

```
பொருள்: ஞாயிறு உப்புவெளி–நிலாவெளி நடை, காலை 5.30

சந்திப்பு: 8._____, 81._____
உப்புவெளி போர்க் கல்லறைத் தோட்ட வாசல்,
நிலாவெளி வீதி. 5.45க்குப் புறப்படுவோம்.

வாகனம்: 8._____, 81._____ (வீதியிலிருந்து திரும்பும் வாய்)
4 கார், 6 பைக். அங்கிருந்து சந்திப்புக்கு ___ மீ. நடை.

01-START   8._____, 81._____  கடற்கரையில் இறங்கும் இடம்
02-DECIDE  8._____, 81._____  முகத்துவாரத்துக்கு முன்.
           தண்ணீர் முழங்காலுக்கு மேல்: வீதி, பாலம்.
03-REJOIN  8._____, 81._____  பாலத்தால் வந்தவர்கள்
           மீண்டும் கடற்கரைக்கு இறங்கும் இடம்
04-END     8._____, 81._____  நிலாவெளி, பஸ் நிறுத்தம்
```

பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டதற்குக் காரணம், கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் சிலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். 01 என்று இரண்டு இலக்கமாக எழுதாவிட்டால், சில கருவிகளில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

இதே புள்ளிகளை, வரைபடச் செயலிகள் வாசிக்கிற GPX கோப்பாகவும் இணையுங்கள். ஒரு புள்ளி இப்படி இருக்கும். இங்கே இட்டிருப்பது கோணேசர் கோயிலின் எண்:

```
<wpt lat="8.58250" lon="81.24560">
  <name>KONESAR</name>
</wpt>
```

கோப்பைத் திறக்க OsmAnd அல்லது Organic Maps போன்ற செயலி தேவை. அது இல்லாதவருக்கு வெறும் இணைப்புக் கோப்பு பயன்படாது, அதனால்தான் எண்களை ஈமெயிலின் உள்ளேயும் எழுதச் சொல்கிறேன். கவனம்: கூகுள் எர்த் பயன்படுத்தும் KML கோப்பில் வரிசை தலைகீழ், நெட்டாங்குதான் முதலில் வரும். அங்கிருந்து ஈமெயிலுக்கு வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் வட துருவத்துக்குப் போகிறார்கள்.

தட்டினால் வரைபடம் திறக்க வேண்டுமானால் சுருக்கிய இணைப்பு வேண்டாம். எண் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இப்படிக் கொடுங்கள், டேட்டா இல்லாவிட்டாலும் எண்ணை வாசித்துக்கொள்ளலாம்:

```
https://www.google.com/maps/search/?api=1&query=8.58250,81.24560
```

நேரக் கணக்கை மணலுக்கு ஏற்றபடி போடுங்கள். ஈர மணலில் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 10 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரம். உலர்ந்த மணலில் கால் புதைந்து இன்னும் மெதுவாகும். மே முதல் செப்டெம்பர் வரை என்றால் 9 மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. பாலத்தால் சுற்ற வேண்டி வந்தால் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கடைசி வரியில் 1990 அம்புலன்ஸ் எண்ணை எழுதி, அழைக்கிறவர் முதலில் ஊர்ப் பெயரையும் அடுத்துள்ள கோயிலையோ ஹோட்டலையோ சொல்லட்டும், பிறகு எண்ணைச் சொல்லட்டும் என்று குறிப்பிடுங்கள். பதற்றத்தில் பதின்மூன்று இலக்கத்தைச் சரியாக வாசிப்பவர் குறைவு.

அனுப்புவதற்கு முன் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வேறொருவரின் போனில் திறந்து, ஒவ்வொரு எண்ணையும் தட்டி, குறி கடலுக்குள் விழாமல் நிலாவெளி வீதிக்கும் கரைக்கும் இடையில் வரிசையாக வடக்கு நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகி நின்றால் அதில்தான் இலக்கம் பிசகியிருக்கிறது.