வாளை நம்பின ரோமன் கைக்கும் ஈட்டி திரும்பி வந்த கதை

சார், கிரேக்கப் படைகளைப் பத்தி எழுதினப்ப, போர்க்களத்துல கடைசி வரைக்கும் நின்னது ஈட்டிதான், வாள் இல்லன்னு ஒரே வரில சொல்லிட்டு போயிட்டீங்க. எனக்கு அது இடிக்குது. அத்தனை நாட்டை ஜெயிச்ச ரோமன் ஆர்மியோட ஆயுதம் வாள்தானே? பிட்னாவுல மாசிடோனியா ஈட்டிப்படையவே வெட்டி சாய்ச்சாங்களே? வெறும் விலை கம்மிங்கிறதுக்காகவா எல்லாரும் ஈட்டிய தூக்கினாங்க?
கா., ஓசூர்

அன்புள்ள கா.,

பிட்னாவுலயே ஆரம்பிப்போம், ஏன்னா அந்தப் போரோட முடிவை மட்டும் பாத்தா வாள் ஜெயிச்ச மாதிரிதான் தெரியும், ஆனா முதல் பாதில என்ன நடந்துச்சுன்னு பாத்தா கதை வேற. கி.மு. 168, ரோமன் தளபதி ஏமிலியஸ் பவுலஸ், எதிர்ல மாசிடோனியா ராஜா பெர்சியஸ். மாசிடோனியாக்காரன் கையில இருக்கிறது சரிசாங்கிற நீள ஈட்டி, கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம், ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் நிக்கும். கிரேக்க வரலாற்று ஆசிரியர் பாலிபியஸ் கணக்கு போட்டே சொல்றார், முதல் வரிசைக்கு முன்னாடி அஞ்சு வரிசையோட முனைகள் நீட்டிக்கிட்டு இருக்கும், வாள் வீச இடம் வேணும்னு ரோமன் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்கிறதால ஒரு ரோமனுக்கு எதிர்ல ரெண்டு ஆள், அதாவது பத்து முனை.

அதுக்குள்ள முதல்ல போனது ரோம் பக்கம் நின்ன பெலிக்னிங்கிற இத்தாலிய இனத்து ஆளுங்க. ஈட்டி அசையாம நீட்டிக்கிட்டு இருக்கு, உள்ள போக வழியே இல்லன்னு அவங்க தளபதி தன் படையோட கொடிய எடுத்து எதிரி கூட்டத்துக்குள்ள வீசிட்டான், கொடிய விட்டுட்டு வந்தா அவமானம், அதனால எல்லாரும் பாஞ்சாங்க. வாளால ஈட்டிக்கம்பை வெட்டிப் பாத்தாங்க, கேடயத்தால தள்ளிப் பாத்தாங்க, கையாலயே பிடிச்சு விலக்கிப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல. கம்பை வெட்டிடலாமேன்னு நமக்குத் தோணும், ஆனா அது தரையில நட்ட கம்பு இல்ல, அடி விழுந்தா அது அந்தப் பக்கம் நகர்ந்து குடுக்கும், அடியோட வேகம் அதுலயே போயிடும், அதுக்குள்ள அடுத்த வரிசை முனை உங்க நெஞ்சுக்கு வந்துடும். கேடயத்தையும் கவசத்தையும் துளைச்சுக்கிட்டு உள்ள போச்சுன்னு இன்னொரு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கார். இதைவிட பயங்கரமான காட்சிய பாத்ததே இல்லன்னு பவுலஸே பின்னால சொன்னதா குறிப்பு இருக்கு.

அப்புறம் எப்படி ஜெயிச்சாங்க? மாசிடோனியா வரிசை முன்னேறி முன்னேறி மேடு பள்ளமான தரைக்கு வந்துடுச்சு, வரிசை அங்கங்க விட்டுப்போச்சு. பவுலஸ் அதைப் பாத்து, சின்னச் சின்ன குழுவா பிரிஞ்சு அந்த இடைவெளிக்குள்ள புகுந்துடுங்கன்னு உத்தரவு போட்டார். உள்ள புகுந்த வாள்காரன்கிட்ட 6 மீட்டர் கம்போட என்ன பண்ண முடியும், அதைக் கீழ போட்டுட்டு இடுப்புல இருக்கிற சின்னக் கத்திய எடுக்க வேண்டியதுதான். அன்னிக்கு செத்தது 20,000 மாசிடோனியாக்காரங்கன்னு சொல்றாங்க. ஆக ஈட்டி தோத்தது வரிசை உடைஞ்சதுக்கு அப்புறம்தான், நேருக்கு நேர் இருந்த வரைக்கும் வாள் கிட்டயே வர முடியல. இந்த வரம்ப நான் மறைக்கல, ஈட்டி ஒரு கூட்டத்தோட ஆயுதம், காட்டுக்குள்ளயோ கோட்டைச் சுவர் மேலயோ தனி ஆளா சிக்கிட்டா வாள்தான் காப்பாத்தும், அதனாலதான் ஈட்டிக்காரன் இடுப்புலயும் ஒரு வாள் இருந்துச்சு.

இன்னொரு போர் இருக்கு, இதைப் பத்தி யாரும் அதிகமா பேசுறதில்ல, எனக்கு பிட்னாவைவிட இதுதான் முக்கியம்னு தோணுது. கி.மு. 223, வட இத்தாலி, பிளமினியஸ் தலைமையில ரோமன் படை, எதிர்ல இன்சுப்ரஸ்ங்கிற கவுல் இனத்து ஆளுங்க, நீளமான வெட்டு வாள் வச்சிருக்கிறவங்க. அன்னிக்கு ரோமன் அதிகாரிங்க என்ன பண்ணாங்கன்னா, கடைசி வரிசைல நிக்கிற திரியாரியோட ஈட்டிகள வாங்கி முன்வரிசைக்குக் குடுத்துட்டாங்க. முதல்ல ஈட்டிய நீட்டுங்க, அவன் வாள் அது மேல விழட்டும், அப்புறம் உங்க வாள எடுங்க. கவுல் ஆளுங்க ஈட்டி மேலயே வெட்டி வெட்டி அவங்க வாள் வளைஞ்சு போச்சு, தரையில ஊனி காலால மிதிச்சு நிமித்தினாத்தான் அடுத்த வெட்டுங்கிறார் பாலிபியஸ். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கார்னு நினைக்கிறேன், கவுல் வாள்கள்ல நல்ல தரமானதும் கிடைச்சிருக்கு. ஆனா வாள் ஏன் வளையுதுங்கிறதுலதான் உங்க விலைக் கேள்விக்கு பதில் இருக்கு.

அந்தக் காலத்து இரும்பு உருகி ஓடுற இரும்பு இல்ல, உலைலேருந்து கசடோட கட்டியா வரும், காய்ச்சி காய்ச்சி சம்மட்டியால அடிச்சு கசடை வெளியேத்தணும். ஈட்டி முனைக்கு இந்த மாதிரி அடிச்ச இரும்பு 200 கிராம் சுமாருக்கு இருந்தா போதும், அடிப்பக்கத்த தகடா தட்டி கம்பு சொருகுற குழலா சுருட்டிட்டா வேலை முடிஞ்சுது, மிச்சம் எல்லாம் மரம். குத்தும்போது வேகம் நேரா நீளவாக்குல போகுது, அதனால இரும்பு கொஞ்சம் சுமாரா இருந்தாலும் தாங்கும். வாளுக்கு ஒரு கிலோ பக்கத்துல வேணும், அதைவிட கஷ்டம் அந்த 60, 70 சென்டிமீட்டர் முழுக்க ஒரே தரமா இருக்கணும், ஏன்னா வெட்டும்போது பக்கவாட்டுல இழுக்குது, ஒரு இடத்துல மெத்துனு இருந்தா அங்க வளையும், ஒரு இடத்துல ரொம்ப கெட்டியாயிட்டா அங்க ஒடியும், உள்ள கசடு ஒரு கோடா மாட்டியிருந்தா வெளிய பாத்தா தெரியாது, போர்லதான் தெரியும். ஈட்டில கம்பு ஒடிஞ்சா இன்னொரு கம்பு சொருகிக்கலாம், வாள் ஒடிஞ்சா திரும்பவும் உலைக்குத்தான்.

பயிற்சிக்கு வருவோம். ரோமன் புது ஆளுங்களுக்கு நிஜ வாளைவிட ரெண்டு மடங்கு கனமான மரவாளைக் குடுத்து, ஆள் உயர கம்பம் ஒண்ண நட்டு, காலையும் சாயங்காலமும் அதோட சண்டை போட வச்சாங்கன்னு ரோமன் படைகளப் பத்தி எழுதின வெஜீஷியஸ் சொல்றார். வெட்டாத, குத்து, கைய தூக்கினா விலா தெரியும்னு திரும்பத் திரும்ப சொல்லிக் குடுத்திருக்காங்க, ஏன்னா வாள்காரன் எதிரியோட முனையத் தாண்டி உள்ள போயாகணும், அந்த ரெண்டு எட்டுல என்ன பண்ணணும்னு யோசிக்க நேரம் இருக்காது, உடம்புக்கே பழகியிருக்கணும். ஈட்டிக்காரனுக்கு அந்த ரெண்டு எட்டு கிடையாது. அவன் கத்துக்கவேண்டியது வரிசைல நிக்கிறது, பக்கத்து ஆளோட சேர்ந்து கால் எடுத்து வைக்கிறது, முனைய தாழ்த்தாம பிடிக்கிறது. அதுவும் சும்மா வராது, அலெக்சாண்டரோட அப்பா பிலிப்பு தன் ஆளுங்கள தொடர்ந்து நடக்கவும் திரும்பவும் பழக்கினதாலதான் சரிசா வேலை செஞ்சுது. ஆனா இது எல்லாருமா சேர்ந்து கத்துக்கிற திறமை, நடுவுல ஒருத்தன் கத்துக்குட்டியா இருந்தாலும் முன்னும் பின்னும் இருக்கிறவன் அவனைத் தாங்கிடுவான். வாள் சண்டைல கத்துக்குட்டிய யாரும் தாங்க முடியாது.

இப்ப உங்க ரோமனுக்கே திரும்ப வரேன். அவன் வெறும் வாளோட போனதில்ல, முதல்ல எறியுறதுக்கு பீலம்னு எறியீட்டி இருந்துச்சு. கி.மு. முதல் நூற்றாண்டு சுமார் வரைக்கும் கடைசி வரிசை திரியாரி கையில குத்தீட்டிதான், "விஷயம் திரியாரி வரைக்கும் போயிடுச்சு"ன்னா நிலைமை கைமீறிப் போச்சுன்னு லத்தீன்ல பழமொழியே இருந்துச்சு. அப்புறம் கி.பி. 135 வாக்குல இன்னிக்கு துருக்கில இருக்கிற கப்படோக்கியாவோட ரோமன் கவர்னர் அரியன், குதிரைப்படை வச்சிருந்த அலன்ங்கிற நாடோடி இனத்தை எதிர்க்க ஒரு உத்தரவு எழுதினார், அது இன்னிக்கும் கிடைக்குது. எட்டு வரிசையா நெருக்கி நில்லுங்க, முதல் நாலு வரிசை நீள ஈட்டி, முதல் வரிசைக்காரன் முனைய குதிரையோட நெஞ்சு உயரத்துக்கு சாய்ச்சு பிடிக்கணும், பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி நிக்கிறவங்க தலைக்கு மேல ஈட்டிய எறியணும். ஓடி வர குதிரைய வாளால நிறுத்த முடியாது, நின்னு நீட்டுற முனைக்குத்தான் அது பயப்படும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த உத்தரவு போனது வாள்ல பேர் வாங்கின அதே ரோமன் லீஜன்ங்கிற படைப்பிரிவுகளுக்குத்தான்.