'30% டிராவல்' என்றால் உண்மையில் எத்தனை ராத்திரி?

கேள்வி: ஃபீல்டு சர்வீஸ் எஞ்சினியர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. "30% டிராவல், சுழற்சி முறையில் ஆன்-கால்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சேருவதற்கு முன்னால் இது உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

அந்த 30 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வெளியூரில் தூங்கும் ராத்திரிகளில் 30 சதவீதமா, ஊரை விட்டு வெளியே இருக்கும் வேலை நாட்களிலா, இல்லை வண்டியில் கழியும் மணி நேரத்திலா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் எச்ஆருக்கே பதில் தெரியாது. போன தடவை போட்ட விளம்பரத்தில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். நான் ஆய்வகங்களில் இருக்கும் ரத்தப் பரிசோதனை அனலைசர்களுக்கு சர்வீஸ் பார்க்கிறவன், ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே "டிராவல் நிறைய இருக்குமா?" என்று கேட்பவருக்கு "சமாளிக்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். "என் ஏரியாவில் மொத்தம் எத்தனை மெஷின், எந்தெந்த ஊரில்?" என்று கேட்பவருக்கு மேனேஜர் எண்ணித்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பட்டியல் அவரிடம் கட்டாயம் இருக்கும்.

நீங்கள் வாங்கி வர வேண்டியது ஆறு எண்கள்தான். ஏரியாவில் மெஷின் எத்தனை, அதில் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரத்தில் எத்தனை, ஒரு மெஷினுக்கு வருடத்துக்கு எத்தனை பிஎம் (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு விசிட்), போன வருடம் ஒரு மெஷினுக்குச் சராசரியாக எத்தனை பிரேக்டவுன் கால் வந்தது, அதில் போனிலேயே முடிந்தது எவ்வளவு, பார்ட்ஸ் இல்லாமல் இரண்டாவது தடவை போக வேண்டியிருந்தது எவ்வளவு. வாடிக்கையாளர் பெயரோடு கால் லாக் கேட்டால் தர மாட்டார்கள், அது நியாயம்தான். வெறும் எண்ணிக்கையைச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு ரகசியமும் போய்விடாது.

சரி, ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, உங்களுக்குக் கிடைப்பதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பேருக்கு 40 மெஷின். 24 நீங்கள் இருக்கும் ஊரிலேயே, மீதி 16 நாலைந்து மணி நேரப் பயணத்தில். மெஷினுக்கு வருடம் 2 பிஎம், 3 பிரேக்டவுன். கால்களில் நாலில் ஒன்று போனிலேயே முடிகிறது, நேரில் போகும் ஐந்தில் ஒன்றுக்கு இன்னொரு தடவை போக வேண்டும்.

முதலில் வெளியூர். 16 மெஷினுக்கு 32 பிஎம், அதை ஒரு பயணத்துக்கு இரண்டாகச் சேர்த்துச் செய்தால் 16 பயணம், ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி, ஆக 32 ராத்திரி. பிரேக்டவுன் 48 வரும், போனில் முடிவது போக 36, அதோடு ரிப்பீட் விசிட் 7 சேர்த்தால் 43 பயணம். இவற்றைச் சேர்த்துப் போக முடியாது, மெஷின்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் நிற்பதில்லை. பயணத்துக்கு ஒரு ராத்திரி என்று வைத்தால் 43. மொத்தம் 75 ராத்திரி.

வருடத்தில் வார விடுமுறை, பண்டிகை, சொந்த லீவு எல்லாம் போக வேலை நாள் 230 என்று வைத்துக்கொண்டால் 75 என்பது 33 சதவீதம். ஆக விளம்பரத்தில் சொன்ன 30 கிட்டத்தட்ட உண்மை என்று தோன்றும். ஆனால் இதையே நாட்களாக எண்ணுங்கள். பிஎம் பயணம் ஒவ்வொன்றும் மூன்று நாளைத் தின்னும், அதில் 48 நாள். பிரேக்டவுன் பயணம் போக வர இரண்டு நாள், அதில் 86. மொத்தம் 134 நாளில் நீங்கள் முழுதாகவோ பாதியாகவோ வெளியூரில், அது 58 சதவீதம். வேலை அதேதான், மெஷினும் அதேதான், எண்ணும் விதம் மாறினால் 33 என்பது 58 ஆகிவிடுகிறது. கம்பெனி எந்த எண்ணைப் போடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளூர் வேலையையும் சேர்த்தால்தான் அடுத்த விஷயம் தெரியும். 24 மெஷினுக்கு 48 பிஎம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஆக 48 நாள். பிரேக்டவுன் 72 வந்து 54 நேரில் போய், ரிப்பீட் 11 சேர்ந்து 65 விசிட், அரை நாள் வீதம் சுமார் 33 நாள். ஆக உள்ளூரில் 81 நாள், வெளியூரில் 134, மொத்தம் 215. கையில் மிஞ்சுவது 15 நாள். சர்வீஸ் ரிப்போர்ட், பார்ட்ஸ் கணக்கு, பயிற்சி, மீட்டிங் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், அடங்காது. அப்போது ரிப்போர்ட் ஓட்டல் அறையில் ராத்திரி பத்து மணிக்கு எழுதப்படும், பயணம் ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்கும். இந்த ஞாயிறு மாலை எந்த சதவீதத்திலும் வராது. பயண நேரத்தை வேலை நேரமாக எண்ணுகிறார்களா, ஞாயிறு கிளம்பினால் காம்ப்-ஆஃப் உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் எந்த எண் அசைந்தால் எல்லாம் அசைகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிரேக்டவுன் 3 என்பது 4 ஆனால் 75 ராத்திரி 90 ஆகிறது. மெஷின் பழசு என்றால், அல்லது சந்தைக்கு வந்து சில மாதமே ஆன புது மாடல் என்றால், மேனேஜர் சொல்லும் போன வருட சராசரிக்கு மேலேயே வைத்துக் கணக்கிடுங்கள். பார்ட்ஸ் எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். எஞ்சினியர் கையில் ஒரு கிட் இருக்கிறதா, இல்லை எல்லாமே மத்தியக் கிடங்கிலிருந்து வர வேண்டுமா? கிடங்கிலிருந்து வருவது என்றால் முதல் விசிட் பெரும்பாலும் கோளாறு என்ன என்று பார்த்துவிட்டு வருவதற்குத்தான், ரிப்பீட் ஐந்தில் ஒன்றாக நிற்காது. அப்புறம் பக்கத்து ஏரியாவில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். காலியாக இருந்தால் அந்த மெஷின்களில் பாதி உங்கள் தலையில்தான், "தற்காலிகமாக".

முதல் வருடம் வேறு கதை. பயிற்சிக்காக வாரக்கணக்கில் வெளியூர் போவது, சீனியரோடு அவர் ஏரியாவில் சுற்றுவது, புது மெஷின் நிறுவும் வேலைக்குத் தொடர்ச்சியாகத் தங்குவது எல்லாம் மேலே போட்ட கணக்குக்கு வெளியே இருப்பவை.

இனி ஆன்-கால். "நாலு பேர், நாலு வாரத்துக்கு ஒரு முறை" என்பார்கள், வருடத்துக்கு 13 வாரம். அந்த நாலு பேரில் உங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா, எல்லோரும் எல்லா மாடலுக்கும் பயிற்சி முடித்தவர்களா என்று கேளுங்கள். ஒருவருக்கு அந்த மாடல் தெரியாது என்றால் சுழற்சி மூன்று பேருக்குள்தான், 17 வாரத்துக்கு மேல் போய்விடும். அந்த மூன்று பேரிலும் ஒருவர் நீண்ட லீவில் போனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

கால் எத்தனை வரும் என்பதையும் இதே மாதிரி பார்க்கலாம். நாலு ஏரியாவும் சேர்த்து 160 மெஷின், அதில் 24 மணி நேர ஒப்பந்தத்தில் இருப்பது 40 என்று வையுங்கள். மெஷினுக்கு 3 வீதம் 120 கால், பாதி வேலை நேரத்துக்கு வெளியே வந்தால் 60, அதாவது வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. உண்மையில் இரண்டு வாரம் ஒன்றும் வராது, மூன்றாவது வாரம் ஒரே ராத்திரியில் இரண்டு வரும். ஒப்பந்தம் இல்லாத இடத்திலிருந்தும் தெரிந்த எஞ்சினியரின் நம்பருக்குக் கூப்பிடுவார்கள், அது லாக்கில் ஏறாது, தூக்கம் மட்டும் போகும். முதல் போனை எடுப்பது கால் சென்டரா நீங்களா என்பதைப் பொறுத்து இது நிறைய மாறும்.

எண்ணிக்கையை விட முக்கியம், எவ்வளவு நேரத்துக்குள் என்பது. வாடிக்கையாளரோடு போட்ட சேவை ஒப்பந்தமான எஸ்எல்ஏவில் "4 மணி நேர ரெஸ்பான்ஸ்" என்று இருந்தால் அது போனில் திருப்பிக் கூப்பிடுவதா, மெஷின் முன்னால் போய் நிற்பதா, அதைச் சரி செய்து முடிப்பதா? போன் என்றால் ஸ்டாண்ட்பை வாரத்திலும் கல்யாணத்துக்குப் போகலாம், சினிமாவுக்குப் போகலாம். நேரில் போய் நிற்பது என்றால் அந்த வாரம் முழுக்க ஊர் எல்லையைத் தாண்ட முடியாது, ஒரு கால் கூட வராவிட்டாலும். இதை நீதிமன்றமே எடை போட்டிருக்கிறது: 2018ல் பெல்ஜியத் தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கில், 8 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்ற கட்டாயத்தோடு வீட்டில் காத்திருந்த நேரமும் வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் நேரம் குறையக் குறைய ஸ்டாண்ட்பை என்பது வேலையாகிவிடுகிறது என்ற கணக்கு எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். காத்திருப்பதற்கு ஒரு படி, கிளம்பிப் போனால் தனித் தொகை என்று இரண்டும் இருக்கிறதா, விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பினால் காலை ஒன்பது மணி பிஎம் தள்ளிப்போகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மேனேஜர் சிரித்தால் பதில் கிடைத்துவிட்டது.

கடைசியாக, இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு எஞ்சினியரோடு, மேனேஜர் பக்கத்தில் இல்லாமல் பேச ஏற்பாடு கேளுங்கள். அவரிடம் "பொதுவாக எப்படி?" என்று கேட்டால் அவரும் பொதுவாகத்தான் சொல்வார். போன மாதம் எத்தனை ராத்திரி வெளியூரில் தூங்கினார், கடைசி ஸ்டாண்ட்பை வாரத்தில் எத்தனை போன், எத்தனை தடவை கிளம்பினார், இந்த வருடத்தில் மோசமான மாதம் எது என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் கணக்கும் பக்கம் பக்கமாக வந்தால் நம்பலாம். அவர் சொல்வது இரண்டு மடங்கு என்றால் மெஷின் எண்ணிக்கையிலோ ஆள் எண்ணிக்கையிலோ ஏதோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அந்த ஒன்றை மட்டும் எடுத்து எச்ஆருக்கு மெயில் போடுங்கள். ஆன்-கால் சுழற்சி, ரெஸ்பான்ஸ் நேரம், காம்ப்-ஆஃப் மூன்றுக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.