சத்தம் போடுற கடனும் ஆட்டோவைக் கொண்டுபோற கடனும்

"அக்கா, நான் உப்புவெளிப் பக்கம். அவர் ஆட்டோ ஓடுறார், பெட்ரோல் போக கிழமைக்கு 15,000 அளவில வீட்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை ஒரு லோன் 2,385, வியாழன் இன்னொன்று 1,800, மாதம் பத்தாம் திகதி ஆட்டோ லீசிங் 18,500. சாப்பாடு, கரண்ட், பிள்ளைகளின் செலவு எல்லாம் சேர்த்து 38,000. காப்பு அடைவில, கடையில கொப்பிக்கணக்கு. செவ்வாய் காலையில மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்குது, இரவில நித்திரை இல்லை. மூன்றாவது லோன் ஒன்று எடுக்கலாமா என்று பார்க்கிறேன்."

எடுக்க வேண்டாம் தங்கச்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவோம்.

உங்களை உலுக்குவது அதன் சத்தம். கிழமைக் கடன் வசூலிக்க வருபவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள், கடன் குழுவில் உள்ள மற்றப் பெண்களுக்குத் தெரியவரும், அவர்கள் உங்களுக்காகக் கட்ட வேண்டி வரும், வெட்கம். அதனால் கையில் வருகிற காசு முதலில் செவ்வாய்க்குப் போகிறது, வியாழனுக்குப் போகிறது, லீசிங்காரர் வீட்டுக்கு வராதபடியால் பத்தாம் திகதி மெதுவாகத் தள்ளிப்போகிறது. நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, இதுதான் ஆபத்து. கிழமைக் கடன் பிந்தினால் அவமானம், தாமதக் கட்டணம், கடன் பதிவில் ஒரு கறை. லீசிங் தொடர்ந்து பிந்தினால் ஆட்டோவே போகும், ஆட்டோ போனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் கொடுக்க ஒன்றும் இருக்காது. அடைவுக்காப்பு இதற்கு நடுவில்: சீட்டில் அச்சடித்திருக்கும் திகதியைத் தவறவிட்டால் அறிவித்தல் கொடுத்து ஏலத்தில் போடுவார்கள். அந்தச் சீட்டை எடுத்து இன்றைக்கே திகதியைப் பாருங்கள். முழுக் காசும் இல்லாவிட்டாலும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள்.

ஆகவே லீசிங்குக்கு ஒரு பால்மா டின் வையுங்கள். மாதத்தில் 26 நாள் ஓடினால், அவர் வந்து காசை மேசையில் வைத்ததும் முதலில் 720 ரூபா டின்னுக்குள். 26 நாளில் 18,720. பத்தாம் திகதி என்ற பயம் அன்றாடம் 720 ஆகச் சுருங்கிவிடும். டின்னை அவர் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும், ஒளித்து வைத்தால் அவசரத்துக்கு எடுத்த கதை ஆகிவிடும்.

அப்புறம் ஒரு கொப்பி. இரவில் பார்க்காதீர்கள், இரவில் எந்தத் தொகையும் இரட்டிப்பாகத் தெரியும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம், இரண்டு பேரும் இருந்து, எல்லாவற்றையும் மாதத்துக்கு மாற்றி எழுதுங்கள். கிழமைக் கடனை நாலால் பெருக்கினால் பிழைக்கும், வருடத்தில் 52 செவ்வாய் இருக்கிறது, அதைப் பன்னிரண்டால் பிரித்தால்தான் சரி. அப்படிப் பார்த்தால் வரவு 65,000. இரண்டு கிழமைக் கடனும் 18,135, லீசிங் 18,500, வீட்டுச் செலவு 38,000, மொத்தம் 74,635. துண்டு விழுவது 9,635. இதை எழுதிய பிறகு பலர் அழுவார்கள், ஆனால் அன்றிரவு கொஞ்சம் உறங்குவார்கள். தலைக்குள் இருந்த 'எவ்வளவோ' என்ற பயம் 9,635 என்ற ஒரு தொகையாகிவிட்டதே. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். உடைவது அந்த மாதங்களில்தான்.

இப்போது அந்தப் புதுக் கடன். செவ்வாய்க்கிழமைக் கடன் 2,385 என்கிறீர்கள். ஒரு லட்சம், வருடத்துக்கு 24 வீத நிலையான வட்டி, 52 கிழமை என்று வைத்தால் கணக்கு அந்த இடத்துக்குத்தான் வருகிறது, கடன் புத்தகத்தில் ஒருமுறை பாருங்கள். கேட்க 24 வீதம். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், வட்டியோ கடைசிவரை முழு ஒரு லட்சத்துக்கும் எடுக்கிறார்கள். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது 44 வீதத்துக்குக் கிட்ட வருகிறது.

34 கிழமை கட்டியிருக்கிறீர்கள், 18 மீதி என்று வைப்போம். 42,930 ரூபா. இந்த நேரத்தில்தான் "அக்கா புதுசா ஒரு லட்சம் தாறம், பழையதைக் கழிச்சுக்கொள்ளுவம்" என்று வருவார்கள். கையில் வருவது 57,000, அதிலும் பத்திரச் செலவு, காப்புறுதி என்று இன்னும் கழியும். பதினெட்டுக் கிழமையில் முடிய இருந்த 2,385 திரும்ப 52 கிழமை ஓடும். மூன்றாவதை வேறு இடத்தில் எடுத்தால் இன்னும் மோசம், கொப்பியில் இன்னொரு கிழமை நாள் வந்துவிடும்.

சரி, துண்டை எப்படி அடைப்பது? எனக்குத் தெரிந்ததில் சுத்தமான வழி, பலருக்குக் கசக்கும் வழி, காப்பை விற்பது. 90,000 க்கு அடைவு வைத்த காப்பு இன்றைய விலைக்கு 1,50,000 போகும் என்றால், அடைவும் வட்டியும் போக 60,000 க்குச் சற்றுக் குறைவாகக் கையில் நிற்கும். விலை உங்கள் காப்பின் எடையைப் பொறுத்தது, இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். அதில் செவ்வாய்க் கடனை முழுதாக முடியுங்கள், ஆனால் முன்கூட்டி முடித்தால் இன்னும் வராத கிழமைகளின் வட்டியைக் கழிப்பார்களா என்று கிளையில் கேட்டு, தொகையை எழுத்தில் வாங்கிய பிறகு. மாதம் 10,335 மிச்சம், துண்டு மூடி எழுநூறு ரூபா கையில். "அம்மா போட்ட காப்பு" என்று சொல்வீர்கள், தெரியும். அடைவில் கிடந்து ஏலத்துக்குப் போனால் அதுவும் அம்மா போட்ட காப்புத்தான்.

விற்க மனமில்லை என்றால், தவணை தவறுவதற்கு முன்பே கிளை முகாமையாளரைப் பாருங்கள், வசூலிக்கும் தம்பியிடம் பேசிப் பயனில்லை, அவரால் ஒன்றையும் மாற்ற முடியாது. 2,385 ஐ 1,200 ஆக்கிக் காலத்தை நீட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள், பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், மேலதிக வட்டி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே பதில் சரியில்லை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கத்துகிறார்கள், இரவில் வருகிறார்கள் என்றால், அது மத்திய வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனமானால் 1935 க்கு அழைத்து முறையிடலாம். தனியாள் வட்டிக்காரன் மிரட்டினால் பொலிஸ்தான்.

இன்னொன்று, உங்கள் வருமானம் வருடம் முழுக்க ஒன்றல்ல. நிலாவெளிக்கு வெளிநாட்டுக்காரர் வரும் மே முதல் செப்டெம்பர் வரை ஒரு கணக்கு, நவம்பரிலிருந்து மழையில் வேறு கணக்கு. சீசனில் கூடுதலாக வருவதில் டின்னுக்கு இரண்டு மாத லீசிங் முன்கூட்டிப் போடுங்கள், மீன்குழம்பைக் குறைத்து வரும் சேமிப்பைவிட அது பெரிது.

நெஞ்சு அடிப்பது, நித்திரையின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது காசு விஷயம் ஓரளவு சரியான பிறகும் நிற்காவிட்டால், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எல்லாம் முடிந்தால் நல்லது என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மனநல உதவி இலக்கம் 1926 க்கு எடுங்கள், அதற்கு அடுத்த செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம்.

கடைக்காரரை விட்டுவிட்டேன். அவர் வட்டி எடுக்காதவர், அதனால்தான் எல்லோரும் அவரைக் கடைசியில் விடுகிறோம். போய் நேரே சொல்லுங்கள்: "அண்ணை, இன்றிலிருந்து வாங்குவது காசுக்கு, பழையதுக்குக் கிழமைக்கு 150." அவருடைய கொப்பியில் உங்கள் பக்கத்தில் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே புதிதாக ஒன்றும் ஏறவில்லை என்று ஒவ்வொரு கிழமையும் எட்டிப் பாருங்கள்.