வாழைக்காய் வறுவலுக்கு ஏர் ஃப்ரையரா, மைக்ரோவேவா, வாணலியா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாழைக்காய் அல்லது உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் தினமும் உண்டு. கணவருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது, எண்ணெயைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். ₹7,000-க்குள் ஒன்றுதான் வாங்க முடியும். மைக்ரோவேவில் வைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார் மாமியார். ஏர் ஃப்ரையரில் புற்றுநோய் வரும் என்கிறான் பையன். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் சொன்ன சமையலுக்கு ஏர் ஃப்ரையர்தான் பொருத்தம். ஆனால் அது எண்ணெயைத்தான் குறைக்கும். உங்கள் பையன் பயப்படும் பொருளைத் தானாகக் குறைத்துவிடாது. அது நீங்கள் வைக்கும் சூட்டையும் எடுக்கும் நிறத்தையும் பொறுத்தது.

முதலில் எண்ணெய்க் கணக்கு. கால் கிலோ உருளைக்கிழங்கை விரல் நீளத்தில் நறுக்கி வாணலியில் பொரித்தால் சுமார் 140 கிராம் வறுவல் வரும். அதில் ஏறத்தாழ 20 கிராம் எண்ணெய். அதே துண்டுகளை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பிசிறி ஏர் ஃப்ரையரில் வைத்தால் 5 கிராமுக்குள் முடிந்துவிடும். சிப்ஸ் மாதிரி மெல்லியதாகச் சீவினால் நிலைமை வேறு. காயிலிருந்த தண்ணீர் முழுக்க வெளியேறி, அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. கடையில் வாங்கும் சிப்ஸில் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயே. அந்த எண்ணெயில் பெரும்பகுதி கொதிக்கும்போது உள்ளே போவதில்லை, வெளியே எடுத்து ஆறும்போதுதான் உறிஞ்சப்படுகிறது. அதனால் வாணலியில் பொரிக்கிற நாளில், ஜல்லிக்கரண்டியை எண்ணெய்க்கு மேலேயே சூடாகப் பிடித்து நன்றாக உதறிவிட்டு எடுங்கள். தட்டில் கொட்டிய பிறகு காகிதத்தால் ஒற்றுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

அடுத்து, பையன் சொன்னது. அவன் கேள்விப்பட்டிருப்பது அக்ரிலமைடு என்ற பொருளாக இருக்கும். 2002-இல் சுவீடனில்தான் இது சாதாரண உணவிலும் இருக்கிறது என்று தெரியவந்தது. கிழங்கிலும் காயிலும் இயற்கையாக உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் குளுக்கோஸ் போன்ற சர்க்கரையும், ஈரம் வற்றிய நிலையில் 120 டிகிரிக்கு மேல் சேர்ந்து சுடும்போது இது உண்டாகிறது. வறுவலுக்குப் பொன்னிறத்தையும் வாசனையையும் தருகிற அதே வினைதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1994-லேயே 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது. விலங்குகளில் பாதிப்பு உறுதியாகியிருக்கிறது. மனிதர்களிடம், உணவில் வரும் அளவை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஒருநாள் வறுவலுக்குப் பயப்பட வேண்டாம். வாரம் மூன்று நாள் கருக வறுத்துச் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே வினை எண்ணெயினால் நடப்பதில்லை, சூட்டினாலும் வறட்சியினாலும் நடக்கிறது. ஏர் ஃப்ரையரிலும் இரண்டும் உண்டு. ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை. ஏர் ஃப்ரையரில் அக்ரிலமைடு 90 சதவீதம் வரை குறைந்ததாகச் சில சொல்கின்றன. வாணலியோடு சமமாகவோ சற்று கூடுதலாகவோ இருந்ததாக வேறு சில சொல்கின்றன. கிழங்கை ஊறவைத்தார்களா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எந்த நிறத்தில் எடுத்தார்கள் என்பதில் வேறுபாடு இருக்கும்போது முடிவும் மாறத்தான் செய்யும். பல இயந்திரங்களில் வறுவலுக்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் நேராக 200 டிகிரிக்குப் போகும். அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள்.

மொந்தன் காயை வைத்தே செய்முறையைச் சொல்கிறோம். பச்சையாக, கெட்டியாக இருக்கும் இரண்டு காய் எடுங்கள். தோல் லேசாக மஞ்சள் தட்டிய காயில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கியிருக்கும். அது சீக்கிரம் சிவந்து கருகும், அக்ரிலமைடும் அதில் கூடும். அந்தக் காயைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான், குளிரில் அதன் சர்க்கரை ஏறிவிடும். தோல் சீவி அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். காய் கறுக்காமல் இருக்க நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். மேற்பரப்பில் உள்ள சர்க்கரையும் இதில் கழுவிப் போகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டுகளைத் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு உள்ளே போட்டால் பாதி நேரம் ஆவியிலேயே வேகும், மொறுமொறுப்பு வராது.

பிறகு மிளகாய்த்தூள், உப்பு, ஒரு டீஸ்பூன் கடலெண்ணெய் போட்டுப் பிசிறி, 165 டிகிரியில் 14 நிமிடம் வையுங்கள். ஐந்தாவது நிமிடமும் பத்தாவது நிமிடமும் கூடையை இழுத்துக் குலுக்க வேண்டும். வெளிர் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். ஓரம் பழுப்பாகும்வரை காத்திருக்க வேண்டாம். அப்படியும் சில துண்டு கருகியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வறுவல் கெட்டுப்போவது பெரும்பாலும் கூடையை நிரப்புவதால்தான். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் அடியில் இருப்பது ஆவியில் வதங்கும், மேலே இருப்பது கருகும். வேகவில்லையே என்று சூட்டை 200-க்கு ஏற்றினால் மேலடுக்கு இன்னும் கருகும். நான்கு பேருக்கு இரண்டு தடவையாக வைப்பதே சரி. கடையில் லிட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கூடையின் அடித்தரை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். 4 லிட்டருக்குக் குறையாமல், அடித்தரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவாவது இருக்கட்டும். சூட்டை ஐந்து அல்லது பத்து டிகிரியாக மாற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 1,500 வாட் இயந்திரம் ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதனால் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும், மிக்சி போடுகிற 6 ஆம்பியர் பிளக் தாங்காது. சாயங்காலம் பம்புசெட் ஓடும்போது உங்கள் பக்கம் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், சூட்டுக் கம்பி தரும் வெப்பம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அப்போது 14 நிமிடத்தில் வேகவில்லையென்றால் இன்னும் மூன்று நான்கு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், சூட்டை ஏற்ற வேண்டாம்.

மாமியார் சொல்வது மைக்ரோவேவுக்குப் பொருந்தாது. அந்த அலை உணவிலுள்ள தண்ணீரை அசைத்துச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். இயந்திரத்தை நிறுத்தியதும் அலையும் நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. வைட்டமின் சி போன்ற சத்துகள் சூட்டிலும் அழியும், தண்ணீரிலும் கரைந்து போகும். பீன்ஸை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதில்தான் இழப்பு பெரிது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி நான்கு நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் சத்து அதைவிட நன்றாகவே தங்கும். ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் அக்ரிலமைடு பிரச்சினையும் எழாது. ஆனால் மெல்லிய துண்டுகளை முழு வேகத்தில் காய்ந்து சிவக்கும்வரை விட்டால் அங்கேயும் அது உண்டாகும்.

மைக்ரோவேவில் வறுவல் வராது, அது அதன் குறை. அப்பளம் மட்டும் அருமையாக வரும்: 800 வாட்டில் 40 முதல் 60 விநாடி, எண்ணெயே வேண்டாம். தினமும் அப்பளம் சாப்பிடும் உங்கள் வீட்டுக்கு அது ஓர் இழப்புதான். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்னும்போது, அப்பளத்தைத் தணலிலோ கம்பிவலையிலோ சுட்டுக்கொள்ளலாம், வறுவலுக்கு அப்படி மாற்று வழி இல்லை. பின்னால் எப்போதாவது மைக்ரோவேவும் சேர்ந்தால், நறுக்கி ஊறவைத்த உருளைக்கிழங்கை மூடி மூன்று நிமிடம் அதில் வேகவைத்துவிட்டு ஏர் ஃப்ரையருக்கு மாற்றுங்கள். உள்ளே ஏற்கெனவே வெந்திருப்பதால் உயர்ந்த சூட்டில் நிற்கும் நேரம் குறையும், அக்ரிலமைடும் குறையும்.

வடை, பஜ்ஜிக்கு ஏர் ஃப்ரையரை நம்ப வேண்டாம். தளர்ந்த மாவு கூடையின் துளைவழியே வழிந்துவிடும். விசேஷ நாளில் வாணலியே போதும். ஆனால் சின்ன வாணலியில் கால் லிட்டர் எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். ஒரு சொட்டு மாவு அடியில் போய் ஒரு கணம் நின்று எழுந்தால் சூடு சரி. போட்டவுடன் மேலே வந்து சிவந்தால் கூடிவிட்டது. புகைய விடவே கூடாது. உயர்சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையையும் அதே முகமை அக்ரிலமைடு இருக்கும் பிரிவில்தான் வைத்திருக்கிறது. அந்தப் புகையில் நிற்பது நீங்கள்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உண்மையில் வாணலியில் பெரிய கேடு, மீந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் உடைந்து ஆல்டிஹைடு போன்ற பொருள்கள் சேர்கின்றன. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான் கருவி. நிறம் கறுத்து, குழகுழப்பாகி, நுரை அடங்காமல், முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தால் அந்த எண்ணெய் முடிந்தது. வடை சுட்ட எண்ணெயை ஆறியதும் மாவுத்தூள் இல்லாமல் வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். அதன்மேல் புது எண்ணெயை ஊற்றிக் கலந்தால் புதியதும் விரைவில் கெடும். பொரிக்கச் சூரியகாந்தி எண்ணெயைவிடக் கடலெண்ணெய் சூட்டில் நிலைத்து நிற்கும்.

கேள்வி: நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். மத்தியை ஏர் ஃப்ரையரில் வறுத்தால் அந்த நல்ல கொழுப்பு மிஞ்சுமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஓரளவுதான் மிஞ்சும். எண்ணெயில் பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் வாணலிக்குப் போய், வாணலி எண்ணெய் மீனுக்குள் வரும். ஏர் ஃப்ரையரில் அந்த மாற்றம் இல்லை, ஆனால் வேகமாக ஓடும் சூடான காற்று ஒமேகா-3 கொழுப்பைத் தாக்குகிறது. மத்தியை வைத்தே செய்த ஓர் ஆய்வில் ஏர் ஃப்ரையரில் அந்தக் கொழுப்பு குறைந்தது, மீனிலுள்ள கொலஸ்ட்ரால் ஆக்சிஜனேற்றம் அடைவதும் கூடியது. வாசனைத் தழைகளைச் சேர்த்தபோது அந்தச் சேதம் குறைந்தது. 180 டிகிரியில் 10 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டு, சதை எலும்பை விட்டு விலகியதும் எடுத்துவிடுங்கள். தோல் கறுக்கும்வரை வைத்தால் மீனில் வேறு வகை வேண்டாத பொருள்களும் சேரும். கொழுப்புக்காகவே மத்தி வாங்குகிறீர்கள் என்றால் குழம்பில் போடுங்கள், அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, மீனிலிருந்து இறங்கும் கொழுப்பும் குழம்போடு உங்கள் சோற்றுக்கே வந்துவிடும்.