கிலோவுக்கு எத்தனை இறால் என்று கவுண்ட் பார்த்தீர்கள், சரி. அதனால் என்ன ஆனது?

தம்பி, நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமைப் படித்தேன். மேலே உள்ள சுருக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பாம்பனில் இறால் கொள்முதல், தரம் பிரித்தல், ஐஸ் போடுதல், கணக்கு எழுதுதல் ஆகிய பணிகளைச் செய்தேன். கடின உழைப்பாளி." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கூடத்தில் வேலை பார்க்கும் எவரும் இதை அப்படியே எழுதிவிடலாம். தூத்துக்குடி ஏற்றுமதி கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கு, மற்றவர்களை விட்டு உங்களை ஏன் கூப்பிட வேண்டும் என்பது இதில் தெரியவில்லை.

போனில் பேசும்போது நீங்கள் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்கள். முன்பெல்லாம் கம்பெனிக்குப் போன லோடில் கவுண்ட் ஒத்துவராமல் விலையை வெட்டுவார்கள், நீங்கள் வந்த பிறகு அது குறைந்துவிட்டது என்று. சுருக்கத்தில் வரவேண்டியது அதுதான்! கிலோவுக்கு எத்தனை இறால் என்பதை வைத்துத்தான் விலை என்பதால், கொள்முதல்காரர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

எப்படிக் குறைந்தது என்று கேட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்தில் ஒரு கிலோ எடுத்து எண்ணிப் பார்ப்பேன் என்றீர்கள். சரி, இப்போது பழைய பில் கட்டை எடுங்கள். நீங்கள் சேர்வதற்கு முன் போன 20 லோடு, அதே சீசனில் நீங்கள் பார்த்த 20 லோடு, இரண்டிலும் எத்தனைக்கு விலை வெட்டினார்கள் என்று எண்ணுங்கள். 6 என்பது 2 ஆகியிருந்தால் இப்படி எழுதலாம்:

"பாம்பனில் இறால் கொள்முதலில் 2 ஆண்டு அனுபவம். பெட்டிக்கு மூன்று இடத்தில் கவுண்ட் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்ததால், விலை வெட்டப்பட்ட லோடுகள் 20-க்கு 6-லிருந்து 2 ஆகக் குறைந்தன."

எண்ணிக்கை வேறாக வந்தால் வந்ததையே போடுங்கள். நேர்காணலில் "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அந்த முறை முதலாளியின் யோசனை என்றால் "கொண்டுவந்ததால்" வேண்டாம், "கடைப்பிடித்ததால்" போதும். படகுக்காரர் பெயரும் வாங்கிய விலையும் வெளியே வரவே கூடாது, அது முதலாளியின் தொழில் ரகசியம்.

"தினமும் இத்தனை கிலோ" என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் சரக்கு வருவதில்லை. ஆகவே "சரக்கு வரும் நாளில் சராசரியாக" என்று எழுதுங்கள். கடற்கரைத் தொழில் தெரிந்தவர் இதைப் பார்த்தே உங்களை நம்புவார்.

"கடின உழைப்பாளி"யை எடுத்துவிடலாம். ஐஸ் போட்டது கீழே அனுபவப் பகுதியில் ஒரு வரியாக இருக்கட்டும். கணக்கர் வேலைக்கும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னீர்களே, அந்த ரெஸ்யூமில் கவுண்டை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, படகுக் கணக்கை நோட்டிலிருந்து எக்செலுக்கு மாற்றியதை முதலில் வையுங்கள். வாரக் கணக்கு முடிக்க முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு என்று கேட்டு எழுதி அனுப்புங்கள், அந்த வரியையும் பார்த்துவிடலாம்.