கணக்கில் வராத 180 கிராம்: மத்தியஸ்தரின் சுருக்கத்தைத் தமிழில் தருவது பற்றிக் கேள்வி பதில்

சரவணன், அம்மாபேட்டை: மத்தியஸ்தர் இங்கிலீஷில் எழுதித் தந்த சுருக்கத்தைத் தமிழில் போட்டுக் கொடுத்தேன். இங்கிலீஷில் யாரையும் குறை சொன்ன மாதிரி இல்லை. தமிழில் படித்ததும் ஒரு தரப்பு கொதித்துப்போய் எழுந்து போய்விட்டது. எங்கே தப்பு பண்ணினேன்?

எனக்கும் நடந்திருக்கிறது. விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு பேர் சேர்ந்து கொலுசுப் பட்டறை நடத்தினார்கள். ஒருவர் வெள்ளி வாங்கித் தருபவர், மற்றவர் பட்டறையைப் பார்த்துக்கொள்பவர். 10 கிலோ வெள்ளி போனது, 9 கிலோ 620 கிராம் கொலுசு வந்தது. சேதாரம் நூற்றுக்கு இரண்டு என்று வாய்ப்பேச்சு, அதில் 200 கிராம் கழிந்தது. மீதி 180 கிராம்தான் சண்டை. அதற்கு மத்தியஸ்தர் போட்ட சொல் ‘அன்அக்கவுண்டட்’.

நான் முதலில் எழுதியது: “180 கிராமுக்குப் பட்டறைக்காரர் கணக்குக் காட்டவில்லை.” பட்டறைக்காரர் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டார். “நான் திருடனா?” என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மூலத்தில் ஆளே இல்லை, நான்தான் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அடுத்து “180 கிராம் எங்கே போனது என்று தெரியவில்லை” என்று மாற்றினேன். அது இன்னும் மோசம். நம் ஊரில் ‘எங்கே போச்சு’ என்று கேட்டாலே யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் காதில் விழும். கடைசியில் நின்றது இது: “180 கிராம் இன்னும் கணக்கில் வராமல் இருக்கிறது.” இதில் வெள்ளிதான் எழுவாய். ‘இன்னும்’ என்ற சொல், கணக்கு இனிமேல் வரலாம் என்ற வாசலைத் திறந்து வைக்கிறது.

உங்கள் பிரதியில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் துணைவினைதான் பழி சுமத்தும். ‘நிறுத்தினார்’ என்பது செய்தி. ‘நிறுத்திவிட்டார்’ என்றால் ஐயோ என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. ‘எடுத்தார்’ பரவாயில்லை. ‘எடுத்துக்கொண்டார்’ என்றால் தனக்காக எடுத்தார் என்று ஆகிறது. பேச்சில் நமக்கு இவை பழக்கமானவை, அதனால் எழுதும்போது கண்ணில் படுவதே இல்லை.

தேவி, ஆத்தூர்: இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? எல்லாத்தையும் ‘எடுக்கப்பட்டது’, ‘நிறுத்தப்பட்டது’ன்னு போட்டுட்டா யார் மேலயும் பழி வராதே அக்கா?

பாதி சரி தேவி. ஆள் மறைந்துவிடும், உண்மை. ஆனால் ‘படு’ போட்ட வாக்கியம் நம் காதுக்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். மாதிரி கேட்கும். “வெள்ளி எடுக்கப்பட்டது” என்று படித்தவுடன் “யாரால்?” என்று மனசு தேடும். அதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. நிறுத்தினார் – நின்றது, குறைத்தார் – குறைந்தது என்று ஜோடி வினைகள் உண்டே. “ஜூன் மாதம் வெள்ளி வரத்து நின்றது” என்றால் யாரையும் தேடத் தோன்றாது.

இதையும் எல்லா இடத்திலும் போடக் கூடாது. வெள்ளி தருபவர், ஜூனில் தானேதான் நிறுத்தியதாக மத்தியஸ்தரிடம் சொல்லியிருந்தார். மூலத்திலும் அவர் பெயரோடு இருந்தது. அங்கே ‘வரத்து நின்றது’ என்று எழுதினால் அவருக்குச் சாதகமாக மழுப்பியதாகிவிடும், பட்டறைக்காரர் அதையும் கவனிப்பார். இருவரும் மறுக்காத செயலுக்கு ஆள் இருக்கட்டும்: “ஜூன் மாதம் அவர் வெள்ளி தருவதை நிறுத்தினார்.” மூலத்தில் ஆள் இருந்தால் இருக்கணும், இல்லையென்றால் நாமாகச் சேர்க்கக் கூடாது.

ஓய்வுபெற்ற கோர்ட் மொழிபெயர்ப்பாளர், சேலம்: ‘அக்னாலெட்ஜஸ்’ வந்தால் ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். அதிலும் குறை சொல்வீர்களா?

கோர்ட்டில் சரிதான் ஐயா. அங்கே ஒப்புக்கொள்வது வாக்குமூலம். அதனால்தான் இங்கே அந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறேன். “முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்தியதை ஒப்புக்கொண்டார்” என்று படித்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டது போல ஆகிறது. “நிறுத்தும் முன் சொல்லவில்லை என்று அவரே தெரிவித்தார்” என்று எழுதினேன். மத்தியஸ்தர் ‘அவரே’ வேண்டாம் என்றார். ஏகாரம் ‘பாருங்கள், அவர் வாயாலேயே’ என்று குத்துகிறதாம். எடுத்துவிட்டேன். இன்னொரு பக்கம் ‘அக்ரீடு’ என்பதற்கும் ‘ஒப்புக்கொண்டார்’ போடுகிறோம். அங்கே ‘இருவருக்கும் சம்மதம்’ போதும்.

நீங்கள் சொல்லாத ஒன்று: ‘எடுத்தாராம்’ என்பதில் வரும் ‘ஆம்’. கேள்விப்பட்டதைச் சொல்ல எளிய வழிதான், ஆனால் எழுத்தில் கேலி மாதிரி இருக்கிறது. ஒருவர் ‘சொல்கிறார்’ என்றால் மற்றவரும் ‘சொல்கிறார்’தான். ஒருவர் ‘விளக்குகிறார்’, மற்றவர் ‘குற்றஞ்சாட்டுகிறார்’ என்று போனால் நாமே தீர்ப்பு எழுதியாச்சு.

முருகேசன், ஏற்காடு: நானும் தம்பியும் காப்பித் தோட்டம் வச்சிருக்கோம். மிளகு வித்த பணத்துல தகராறு. சுருக்கம் எழுதும்போது என் பக்க நியாயம் தெரியற மாதிரி எழுதித் தருவீங்களா?

முடியாதுங்க. அப்படி எழுதினால் தம்பி இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘அண்ணன்’, ‘தம்பி’ என்று எழுதினால் அண்ணன் சொன்னதற்கு எடை கூடும், தம்பி அடங்கணும் என்று தொனிக்கும். ‘முதல் தரப்பு’, ‘இரண்டாம் தரப்பு’ என்றால் வரிசையும் வருகிறது, கோர்ட் வாடையும் வருகிறது. தோட்டத்தைப் பார்ப்பவர், விற்பனையைப் பார்ப்பவர் என்று அவரவர் வேலையால் சொல்லலாம். இருவருக்கும் ஒரே ‘அவர்’.

கவிதா, ஓமலூர்: பார்ட்னர் என்பதற்குப் பங்காளின்னு போடலாமா?

வேண்டாம். பங்காளி என்றால் சொத்துத் தகராறுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘கூட்டாளி’ என்றால் செய்தித்தாளில் திருட்டு வழக்கில் வருகிற சொல். நான் ‘பங்குதாரர்’ போடுகிறேன், அது ஷேர் வாங்கியவரையும் குறிக்கும் என்று சிலர் குறைப்படுகிறார்கள். ‘பார்ட்னர்’ என்றே விடலாம் என்று மத்தியஸ்தர் சொல்கிறார். பட்டறைக்காரர் பேசுவதும் அதுதான். எது சரி என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

சரவணன், அம்மாபேட்டை: மூலத்திலேயே பழி இருந்தால்? எனக்கு வந்ததில் ‘ஃபெயில்டு டு மெயின்டெய்ன்’ என்று ரிஜிஸ்டரைப் பற்றி ஒரு வரி.

எங்கள் கொலுசு கேஸிலும் இதே வரிதான். ‘தவறினார்’ என்று போட்டால் அடி. ‘ரிஜிஸ்டர் இல்லை’ என்று நானாகத் தணித்தால், வெள்ளி தருபவரின் இங்கிலீஷ் படிக்கிற மகன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பான். அதனால் கை வைக்காமல் மத்தியஸ்தருக்கு எழுதிக் கேட்டேன். அவர் மூலத்தையே மாற்றினார்: தினசரி எடைப் பதிவு எழுதும் வேலை யாருடையது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் தணித்திருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது.

பெயர் வேண்டாம்: சுருக்கத்தை எங்க மாமாகிட்ட வாட்ஸ்அப்ல காட்டி, சரியா இருக்கான்னு கேட்கலாமா?

கூடாது. 2023 மத்தியஸ்தச் சட்டப்படி அங்கே பேசியது ரகசியம், மொழிபெயர்ப்பாளருக்கும் அது பொருந்தும் என்று வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன். சரிபார்க்க வேறு வழி வைத்திருக்கிறேன். இரண்டு பேரின் பெயரையும் மாற்றிப் போட்டு, வீட்டில் தனியாக உரக்கப் படிப்பேன். வெள்ளி தருபவரின் வரி பட்டறைக்காரர் மேல் வந்ததும் திடீரென்று சுருக்கென்றால், அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். கொலுசு கேஸில் மூன்று வரி அப்படி மாட்டியது. மூன்றிலும் ‘விட்டார்’ இருந்தது.